மேற்பார்வை என்கிற கட்டம்

மேற்படிப்புப் பரீட்சை எழுத வேண்டுமென்றால், பயிற்சிக் காலத்தில் செய்த சிகிச்சைகளை அட்டவணையாக்கி, பெரிய டாக்டரின் கையெழுத்தோடு அனுப்ப வேண்டும். சிவகாசிப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக இருந்த ஞானஜோதி, கண்டபடி கிறுக்கி வைத்திருந்த குறிப்புகளைப் பிரித்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். தேதி, சிகிச்சை, மேற்பார்வை, கற்றது. மேற்பார்வைக் கட்டத்தில் நான்கில் ஒன்றைத்தான் எழுதலாம்: பார்த்தது, உதவியது, பெரியவர் உடனிருக்கச் செய்தது, தனியாகச் செய்தது.

பெரிய டாக்டர் ராஜசிங் அதைப் படித்துவிட்டு, பென்சிலால் இரண்டே இடத்தில் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். பார்த்ததும் அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

மார்ச்சில், அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனியில் முகம் வெந்து வந்தவள் சின்னத்தாய். தொண்டை வீங்கி மூச்சு முட்டியது. ராஜசிங் காரியாபட்டியில் கல்யாண வீட்டில் இருந்தார். ஞானஜோதியே கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தாள். சின்னத்தாய் பிழைத்தாள். அந்த வரியில் ‘தனியாக’ என்பதை அடித்து, ‘உடனிருக்க’ என்று எழுதியிருந்தார்.

ஏப்ரலில் வந்தவன் சங்கிலிமுத்து. அதே மாதிரி வேக்காடு, குரல் கம்மிப்போயிருந்தது. “இப்பவே துளை போட்டுருவோம்யா” என்று அவள் கெஞ்சினாள். “சாயங்காலம் வரைக்கும் பாப்போம்” என்றார் அவர். சாயங்காலம் அவர் பக்கத்தில் நிற்க அவள் கத்தி எடுத்தபோது காலம் கடந்துவிட்டது. அந்த வரியில் ‘உடனிருக்க’ போய் ‘தனியாக’ வந்திருந்தது. பிழைத்தவள் அவர் கணக்கு, செத்தவன் இவள் கணக்கு! என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

குறிப்பாகக் கிடந்தவரை எதில் யார் பக்கத்தில் நின்றார் என்பது யார் கண்ணிலும் படவில்லை. கட்டம் போட்டதும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றுவிட்டது.

“ஐயா, கல்யாண வீட்டுல இருந்துக்கிட்டு எப்படிப் பக்கத்துல நின்னீக?”

“ஏம்மா, சொல்லிக் குடுத்தது நாந்தானே? அப்ப அது என் மேற்பார்வைதான். பேசாம மாத்தி எழுதிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்.”

“சங்கிலிமுத்துக்கும் நீங்கதானே சொல்லிக் குடுத்தீக, பொறுன்னு!”

அவர் முகம் சிவந்தது. “அம்புட்டு வாய் ஆயிருச்சா உனக்கு?”

அவள் பேனாவை எடுத்து, சங்கிலிமுத்து வரியில் அதுவரை வெறுமையாக விட்டிருந்த ‘கற்றது’ கட்டத்தில், அவர் கண்ணெதிரிலேயே எழுதினாள்: ‘தொண்டை வீக்கம் கூடிக்கொண்டேதான் போகும், காத்திருக்கக் கூடாது. பெரியவர் தடுத்தாலும் விடாமல் வாதாட வேண்டும்.’ பிறகு ரப்பரால் இரண்டு பென்சில் திருத்தங்களையும் அழித்து, தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

ராஜசிங் தன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். “இந்த வருஷம் உனக்குப் பரீட்சை கிடையாது.”

அவளுக்குக் கண் கலங்கியது.

“எனக்கு அடுத்த வருஷம் இருக்குய்யா. சங்கிலிமுத்துக்கு?”