பீப்புக்கு முன்னால் ஒரு நலம் விசாரிப்பு

வீட்டிலேயே கேக் செய்து விற்கும் கிருபா, கிறிஸ்துமஸ் ஆர்டர்களை நம்பி, ஆளில்லாதபோது போனில் அழைப்பவர் பேச்சைப் பதிந்துவைக்க காந்திபுரத்தில் வாங்கிய ஆன்சரிங் மெஷினில் ஆசையாகப் பேசிப் பதிந்தாள்: "வணக்கமுங்க, நல்லா இருக்கீங்களா? ஊட்ல எல்லாரும் சௌக்கியங்களா? என்ன கேக் வேணுமுங்க?"

கடைக்குப் போய்த் திரும்பினால் மூன்று அழைப்புகள். மூன்றிலும் "சரிங்க, வெச்சுடறேனுங்க" மட்டுமே இருந்தது.

கணவன் ரூபன் விழுந்து விழுந்து சிரித்தான். "நீ கேட்டதுக்கெல்லாம் அப்பவே பதில் சொல்லிப்போட்டாங்க அம்மணி. மெஷின் பீப்புக்கு அப்புறந்தான பதியும்?"

பதறிப்போய் அவள் விறைப்பாக மாற்றிப் பதிந்தாள்: "பீப் சத்தத்துக்கு அப்புறம் பேரு, போன் நம்பர், எந்தத் தேதிக்கு என்ன கேக்குன்னு சொல்லுங்க. சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடறேன்."

மறுநாள் செவ்வந்தி என்பவரின் ஆர்டர், நம்பர், தேதியோடு தெளிவாகப் பதிவாகியிருந்தது. கடைசியில் மட்டும் அவர் குரல் தாழ்ந்தது.

"ஏனுங்க, எங்க மேல ஏதாச்சும் கோவங்களா?"