உப்புக்கு இன்னொரு வரி

உலகத்துக் கடலெல்லாம் வற்றும் அளவுக்கு உப்புக்கு வாசகம் எழுதித் தள்ளிய விளம்பர எழுத்தாளர், மரத்துப்போய் உட்கார்ந்திருந்தார். அவர் எழுதிய எதுவும் பிடிக்காத உப்புக் கம்பெனி முதலாளி, போட்டிக் கம்பெனியின் பாக்கெட்டை மேசையில் போட்டார்.

“‘கடைசிச் சிட்டிகை வரை உதிரும்.’ எழுதினவன் மனுஷன்யா! உங்களை அனுப்பிட்டு அவனைக் கூட்டிட்டு வரப்போறேன்.”

“அது நான்தான் சார். முன்னாடி அங்கே இருந்தப்போ எழுதினது.”

“அப்போ எங்களுக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்குது?”

“கட்டி பிடிக்காம இருக்க எல்லாரும் ஒரே பொடியைத்தான் கலக்குறீங்க. சொல்ல இருந்த ஒண்ணையும் அங்கேயே சொல்லிட்டேன்.”

முதலாளி கூரை பறக்கப் பெருமூச்சு விட்டார். “சரி, உப்பை விடுங்க. நாளையிலிருந்து நம்ம கம்பெனி புதுசா விக்கப்போற அரிசிக்கு எழுதுங்க.”

வேலை தப்பியது. எழுத்தாளருக்குச் சந்தோஷமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. முதலாளி கொடுத்த மாதிரிப் பொட்டலத்து அரிசியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். அரிசி மாதிரியே இருந்தது.