அரை செகண்ட் சந்தேகம்

ஆண்டியப்பன் ஆலங்குடிப் பக்கம் முந்திரித் தரகு பார்த்துப் பிழைத்தவர். விலை சொன்னதும் எதிராளி எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்பதை வைத்தே, மூட்டையின் அடியில் சொத்தை கிடக்கிறதா இல்லையா என்று கண்டுபிடித்துவிடுவார். அந்தக் காதை அவர் புதுத் தொழிலுக்கும் கொண்டுவந்திருந்தார். இப்போது புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் கால் சென்டர் நடத்துகிறார். கோயம்புத்தூர் மோட்டார் கம்பெனி ஒன்றுக்காக, பம்புசெட் மக்கர் செய்தால் கூப்பிடும் விவசாயிகளுக்கும் டீலர்களுக்கும் இங்கிருந்து பதில் சொல்கிறார்கள்.

கடைசி சீட்டுக்காரி திலகவதி மேல் டீலர்களிடமிருந்து புகார் வந்தது. குற்றம் ஒன்றுதான். கேள்வி கேட்டால் உடனே பதில் வருவதில்லை.

"அந்தப் புள்ள எதையோ மறைக்குதுங்க. ஒவ்வொரு தடவையும் யாரையோ கேட்டுக்கிட்டுத்தான் வாயத் தொறக்குது," என்றார் பொன்னமராவதி டீலர். அவளை மாற்றாவிட்டால் ஒப்பந்தத்தையே யோசிக்க வேண்டிவரும் என்று கோயம்புத்தூரிலிருந்தும் சேதி வந்துவிட்டது.

ஆண்டியப்பன், அழைப்புகளின் தரம் பார்க்கும் கார்த்திகாவைக் கூப்பிட்டு, பதிவுகளைப் போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். டீலர் கேட்கிறார். ஒரு சின்ன அமைதி. பிறகு திலகவதி. மறுபடியும் கேள்வி, அமைதி, திலகவதி. சில இடங்களில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொண்டார்கள்.

"பாத்தியாம்மா? இது யோசிக்கிற அமைதி இல்ல. யோசிக்கிறவ 'ம்ம்'னு இழுப்பா. இது மியூட்ட அமுக்கிட்டு அங்கிட்டு யார்கிட்டயோ பேசுற அமைதி."

"அவ மச்சான் எதிர்க் கம்பெனி மோட்டார் கடையில வேல பாக்குறாருங்க சார்," என்றாள் கார்த்திகா, தனக்கு ஒன்றும் தெரியாது என்ற முகத்தோடு.

ஆண்டியப்பனுக்கு அது போதும். நெட்வொர்க் பார்க்கும் வசந்தகுமாரைக் கூப்பிட்டார். குளத்தூர்ப் பையன். கேட்ட கேள்விக்குப் பதிலாக எப்போதும் ஒரு நம்பர் வைத்திருப்பான்.

"லைன்ல கோளாறு இருக்கா தம்பி?"

"சான்ஸே இல்ல சார். நம்ம பேச்செல்லாம் சின்னச் சின்னப் பாக்கெட்டா இன்டர்நெட்ல போகுது. பாக்கெட் தொலைஞ்சா குரல் வெட்டும். அந்த சீட்ல இப்ப ஒண்ணுகூடத் தொலையல. எம்.ஓ.எஸ். நாலு புள்ளி ரெண்டு."

"அது என்ன எலவு?"

"குரல் எப்படி இருக்குன்னு ஆளுங்க போடுற மார்க்கு சார். ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும். இங்க சாஃப்ட்வேரே கணக்குப் பண்ணிப் போட்டுரும். நாலு தாண்டுனா முதல் தரம்."

லைன் முதல் தரம் என்றால் ஆள்தான் மூன்றாம் தரம். திலகவதியைக் கேபினுக்குள் அழைத்தார்கள். மியூட், மச்சான், 'ம்ம்' இல்லாத அமைதி என்று எல்லாவற்றையும் அடுக்கினார் ஆண்டியப்பன்.

"நான் டக்குனுதான் பதில் சொல்றேன் சார்," என்றாள் அவள். "அவங்கதான் லேட்டா பேசுறாங்க. நான் கேட்டா சத்தமே வராது. சரி, கேக்கலையாக்கும்னு திரும்பக் கேட்டா அந்நேரம் பாத்து அவங்களும் பேசுவாங்க. இதோ, அந்தப் பொன்னமராவதி டீலரு, என்கிட்ட எதையோ மறைக்கிறாருன்னு நானே நெனச்சேன்."

"திருடுனவ வீட்டுலயே களவு போச்சுங்கிறியா?"

"சார், இந்தச் சம்பளத்துலதான் எங்க வீட்டு அடுப்பு எரியுது. மியூட் அமுக்கிக் கோள் சொல்ல எனக்கு நேரமும் இல்ல, மச்சானுக்குக் கேக்குற பொறுமையும் இல்ல."

பதில் சுருக்கென்று வந்தது. நேரில் பேசும்போது இந்தப் பெண்ணிடம் ஒரு இடைவெளியும் இல்லை. அது ஆண்டியப்பன் காதில் நெருடியது. ஆனாலும் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தார்.

மறுநாள் கார்த்திகாவின் செல்லிலிருந்து விவசாயி மாதிரி கூப்பிட்டார். கார்த்திகா அழைப்பைத் திலகவதிக்குத் தள்ளிவிட்டாள். ஆண்டியப்பன் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், அவள் முகமும் கையும் தெரிகிற மாதிரி நின்றுகொண்டார்.

"மோட்டாரு ஓடுது, தண்ணி வல்ல. என்னம்மா பண்றது?"

திலகவதியின் கை மவுஸ் பக்கம் போகவில்லை. உதடும் அசையவில்லை. முகம் சும்மா இருந்தது. சந்தையில் எத்தனையோ சும்மா முகங்களைப் பார்த்தவர் அவர். இது நடிப்பு இல்லை. கேள்வி இன்னும் வந்து சேராத முகம். பிறகுதான் புருவம் ஏறியது. அந்தக் கணமே அவள் பேசினாள். உதடு அசைந்ததற்கும் செல்லில் குரல் கேட்டதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அவள் பேச்சு உடனே வருகிறது. நம் பேச்சுதான் அவளிடம் தாமதமாகப் போகிறது. நடுவில் எவனோ பிடித்து வைத்துக்கொள்கிறான்.

"வசந்தகுமாரு! இங்கிட்டு வாய்யா. என் கேள்விய எங்க பதுக்கி வச்சிருக்க?"

வசந்தகுமார் முதலில் சிரித்தான். முதலாளி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கதவருகில் நிறுத்தி, இன்னொரு தடவை பேசிக் காட்டியதும் சிரிப்பு நின்றது. திலகவதியின் போன் அமைப்புகளைத் திறந்தான்.

"சார்... ஜிட்டர் பஃபர்."

"தமிழ்ல சொல்லு."

"பாக்கெட்டெல்லாம் ஒரே சீரா வராது சார். ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும். அதனால வந்தத எல்லாம் கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சு, வரிசை பண்ணிக் காதுக்கு அனுப்பும். இவங்க சீட்டு மட்டும் வயர் இல்லாம வைஃபைல ஓடுது, நடுவுல தகரத் தடுப்பு வேற. குரல் வெட்டுதுன்னு சொன்னாங்க. நான்தான் நிறுத்தி வைக்கிற நேரத்த அரை செகண்ட்னு ஏத்தி வச்சேன். லேட்டா வர்ற பாக்கெட்டும் உள்ள வந்துரும்ல."

"வெட்டு நின்னுச்சா?"

"நின்னுச்சு. மார்க்கும் ஏறுச்சு."

"இப்ப எறக்கிப் பாரு."

பழையபடி ஐம்பது மில்லிசெகண்டுக்கு இறக்கினான். ஆண்டியப்பன் மறுபடி கூப்பிட்டார். பதில் உடனே வந்தது. ஆனால் திலகவதி, "சார், பாதி எழுத்து விழுந்துருது. மோட்டாரா, மாட்டாரா?" என்றாள். பிந்தி வந்த பாக்கெட்டுகளை போன் தூக்கி எறிந்துகொண்டிருந்தது. திரையில் மார்க்கு மூன்றுக்குக் கீழே சரிந்தது.

"அப்ப நேரத்த வித்து மார்க்கு வாங்கியிருக்க," என்றார் ஆண்டியப்பன். "அரை செகண்ட் பிந்துறத உன் மார்க்கு கேக்காதா?"

வசந்தகுமார் தலையைச் சொறிந்தான். "நம்ம சாஃப்ட்வேரு போடுறது காதுக்கு எப்படிக் கேக்குதுங்கிற மார்க்கு மட்டும் சார். ரெண்டு பேரு மாத்தி மாத்திப் பேச முடியுதாங்கிற மார்க்கு வேற. அதுல தாமதத்தையும் சேப்பாங்க. நான் அதப் பாக்கல."

"சரக்கு சுத்தம், வண்டி வரல. அதுக்கு முதல் தரம்னு சீட்டு ஒட்டியிருக்க!"

அன்று சாயங்காலமே தகரத் தடுப்பில் ஓட்டை போட்டு, கடைசி சீட்டுக்கு வயர் இழுத்தார்கள். வயரில் பாக்கெட்டுகள் ஏறத்தாழ சீராக வந்தன. பஃபரை ஐம்பதிலேயே விட்டார்கள். வெட்டும் இல்லை, அமைதியும் இல்லை. பொன்னமராவதி டீலரே கூப்பிட்டார்.

"யம்மா, இன்னைக்கு யாரையும் கேக்காமலே பதில் சொல்றியே?"

"நீங்களும் இன்னைக்கு எதையும் மறைக்கலையே சார்," என்றாள் திலகவதி.

ஆண்டியப்பன் மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை. அவள் மேசைக்கு ஒரு காபி அனுப்பினார். கோயம்புத்தூருக்கு, "தப்பு எங்க மெஷினு மேலதான். புள்ள தங்கம்," என்று சொன்னார். கார்த்திகா அவள் மச்சானைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

எல்லாம் முடிந்த பிறகு முதலாளி, வசந்தகுமாரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த அரை செகண்ட தூக்கிப் போட்டுறாத. என் மேசை போன்ல வையி. இன்டர்நெட் கம்பெனிக்காரன் விலை பேச வாரான். நான் சும்மா இருந்தா அவனே எறங்குவான்."

ஒரு வாரம் கழித்துத் திலகவதி லீவு கேட்க அந்த போனுக்கு இன்டர்காமில் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் அமைதி. அவள் எழுந்து, கண்ணாடிக் கதவு வழியாக முதலாளியின் முகத்தைப் பார்த்தாள். அது சும்மா இருந்தது. பிறகுதான் புருவம் ஏறியது.

"யோசிக்கணும்மா..."

"யோசிச்சிருந்தா 'ம்ம்'னு இழுத்திருப்பீங்க சார்," என்றாள் அவள். "அரை செகண்ட கழட்டிட்டு லீவச் சொல்லுங்க."