பெரிய வெள்ளியும் ஒரு வேலை நாள்

"அந்த ஃபோர்முலாவைத் திறந்து காட்டுங்கோ, அங்கிள்."

கேட்டே விட்டாள் தர்ஷினி. வேலைக்குச் சேர்ந்த அன்றே வரவேற்பு மேசையில் இருந்த மெற்றில்டா அக்கா காதோடு சொல்லி வைத்திருந்தாள்: "லீவு கேள், முற்பணம் கேள், சண்டை பிடிக்கவும் பிடி. ஆனா நாயகம் அண்ணையிட்ட 'உங்கட கொம்பியூட்டர் ஷீட் பிழை, திறந்து காட்டுங்கோ' எண்டு மட்டும் கேட்டிடாத. அந்த மனுசன் அதைத் தன்ர கையால செய்தது."

கிறிஸ்துநாயகம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு துப்புரவு ஒப்பந்தக் கம்பனியின் முகாமையாளர் அவர். நானூறு பேருடைய ஷிப்ட் அவர் கையில். தர்ஷினிக்கு இந்த அலுவலக வேலையை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். அதை அவர் மறந்ததும் இல்லை, மற்றவர்களை மறக்க விட்டதும் இல்லை.

"என்ன திறக்க? கொம்பியூட்டர் சொல்லுது பிந்திப்போச்செண்டு. நீ கடிதத்தை அடி."

மேன்முறையீடு பிந்திவிட்டது என்று மறுக்கும் மூன்று கடிதங்கள். அருள்நாயகிக்கு ஒன்று, வேதவல்லிக்கு ஒன்று. மூன்றாவது யோகமலருக்கு. யோகமலர் தர்ஷினியின் அம்மா.

விடிய நாலு மணி ஷிப்டுக்கு மாற மாட்டோம், அந்த நேரத்தில் இல்ஃபோர்டிலிருந்து வர பஸ் இல்லை என்று சொன்ன மூன்று பெண்களுக்கும் மார்ச் இருபத்தெட்டு, புதன்கிழமை, வேலைநீக்கக் கடிதம் கையில் கொடுக்கப்பட்டது. மேன்முறையீடு செய்ய ஏழு வேலை நாள். கடிதம் கொடுத்த நாள் கணக்கில் இல்லை. சனி, ஞாயிறு, அரச விடுமுறை எதுவும் கணக்கில் சேராது. கம்பனியின் கைநூலில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஈஸ்டர் முடிந்து இன்று செவ்வாய்க்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் மூவரும் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள். வாங்கியது கிறிஸ்துநாயகமேதான். வாசலில் நிற்க வைத்தே, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, அங்கே நின்ற சாரதிகளுக்கும் கேட்கச் சொன்னார்: "கலண்டர் பாக்கத் தெரியாத ஆக்களுக்கு எதுக்கு மேன்முறையீடு?"

சாரதிகள் சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் தர்ஷினியால் விழுங்க முடியவில்லை. அம்மா துடைத்த நிலங்களின் காசில் படித்து, குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கியவள் அவள். அவர் வாயாலேயே அந்தச் சொல்லைத் திரும்ப மெல்ல வைக்காமல் விடுவதில்லை என்று படியேறும்போதே நினைத்துவிட்டாள்.

"கடைசித் திகதி ஆறாம் திகதி எண்டு போட்டிருக்கு," என்றாள். "ஏப்ரல் ஆறு என்ன நாள், அங்கிள்?"

"வெள்ளிக்கிழமை."

"என்ன வெள்ளிக்கிழமை?"

அவர் கோப்பையைத் திரும்ப எடுத்தார்.

"அண்டைக்கு நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"

"கோயில்ல. சிலுவைப்பாதை." சொல்லிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. பெரிய வெள்ளி. அலுவலகம் பூட்டு. கடிதம் கொண்டுவந்திருந்தாலும் வாங்க ஒரு ஈ காக்கைகூட இருந்திராது.

"அது... சிஸ்டம் தானாக் கழிக்கும். நான் வேலை நாள் எண்ணுற வேர்க்டே ஃபங்ஷன் போட்டிருக்கிறன். உனக்கு டிகிரி இருந்தா எனக்கு அனுபவம் இருக்கு, பிள்ளை."

"தானாக் கழிக்கிறது சனி ஞாயிறு மட்டும்தான். பெரிய வெள்ளியை அதுக்கு ஆர் சொல்லிக் குடுக்கிறது? விடுமுறைப் பட்டியலை நாங்கள்தான் குடுக்க வேணும். எழும்புங்கோ."

அவர் எழும்பவில்லை. அவள் நாற்காலியின் பின்னால் நின்று கையை நீட்டி மவுஸைப் பிடித்தாள். கடைசித் திகதி இருந்த கட்டத்தை அழுத்த, மேலே ஃபோர்முலா தெரிந்தது: கடிதத் திகதி, ஏழு, விடுமுறைகள். ஃபோர்முலாவில் ஒரு குற்றமும் இல்லை. அவள் விடுமுறைகள் என்ற தாளுக்குப் போனாள். எட்டுத் திகதிகள். பெரிய வெள்ளி: பதினான்கு ஏப்ரல், இரண்டாயிரத்து ஆறு.

போன வருசத்துப் பட்டியல். மனுசன் பழைய கோப்பைப் படியெடுத்து, பெயரில் மட்டும் இரண்டாயிரத்து ஏழு என்று மாற்றிவிட்டு உள்ளே எட்டியும் பார்க்கவில்லை.

"கலண்டர் பாக்கத் தெரியாத ஆக்கள்," என்றாள் தர்ஷினி மெதுவாக.

அவருடைய கழுத்து சிவந்தது. அவள் நினைத்ததை விட அது இனித்தது. ஆனால் போதவில்லை.

"சரி, சரி. கை தவறினதுதான். சத்தம் போடாத." அவர் மவுஸைப் பறித்து, யோகமலரின் வரிசைக்குப் போய், ஃபோர்முலாவின் மேலேயே கையால் பத்து ஏப்ரல் என்று தட்டினார். அந்த ஒரு வரிசையில் மட்டும், பிந்தியது என்று காட்டிய சிவப்பு மறைந்தது. "பார், அம்மாவின்ரது நேரத்துக்கு வந்திட்டுது. விசாரணை வைப்பம். நானே இருந்து கேட்டு, திரும்ப எடுப்பன். பழைய ஷிப்ட். நாளைக்கே சொல்லிவிடு."

"மற்ற ரெண்டு பேர்?"

"அவைக்கு நீ என்ன சொந்தமோ? மூண்டு பேரின்ரதும் மாறினா மேல்மாடிப் பணிப்பாளர் கேப்பார், ஏன் மாறினதெண்டு. அந்த ஷிப்டுக்கு வேற ஆக்களும் எடுத்தாச்சு."

அம்மாவின் வேலை அவள் கைக்குள் வந்துவிட்டது. பேசாமல் இருந்தால் போதும். வீட்டில் அம்மா சொன்னதும் அதைத்தான்: 'அவரோட கொளுவாத பிள்ளை, உனக்கு வேலை தந்த மனுசன்.' ஒரு நொடி அவளுக்கு ஆசையாகவும் இருந்தது. பிறகு அருள்நாயகி அன்ரி வாசலில் நின்ற நிலை வந்தது. அவ சிரிக்கவில்லை. தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றா.

தர்ஷினி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, அவர் தட்டிய திகதியை அழித்து ஃபோர்முலாவைத் திரும்பக் கொண்டுவந்தாள். அம்மாவின் வரிசை மறுபடி சிவந்தது.

"விசரா உனக்கு?"

"உங்கட பிச்சை அம்மாவுக்கு வேண்டாம், அங்கிள். கணக்குப் போதும்."

விடுமுறைத் தாளில் எட்டு வரியையும் இந்த வருசத்துத் திகதிகளாக மாற்றி அடித்தாள். ஏப்ரல் ஆறு. ஏப்ரல் ஒன்பது, ஈஸ்டர் திங்கள். முதல் தாளுக்குத் திரும்பியபோது மூன்று வரிசையும் ஒன்றாகவே மாறியிருந்தன. கடைசித் திகதி பத்து ஏப்ரல். இன்று. மூன்றிலும் சிவப்பு இல்லை.

கிறிஸ்துநாயகம் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, சேவ் பண்ணாமல் மூடு. நான் கும்பிட்டுக் கேக்கிறன். எனக்கு ரெண்டு பிள்ளையள் யூனிவேர்சிற்றியில."

"அவைக்கும் அம்மா இருக்கிறா. அவவை வாசலில நிக்க வச்சு ஆரும் சிரிச்சவையோ?"

சேவ் பண்ணினாள். பழைய பட்டியலின் கணக்கோடு காலையில் அச்சடித்த தாள் ஏற்கெனவே அவள் மேசையில் இருந்தது, புதியதையும் அச்சடித்தாள். அறை மூலையில் இருந்த தன் மேசைக்குப் போய், கோப்பை இணைத்து, மேல்மாடிப் பணிப்பாளருக்கு ஆங்கிலத்தில் நாலே வரி எழுதினாள்: மூன்று மேன்முறையீடும் நேரத்துக்கு வந்தவை, பிழையான கணக்கை முகாமையாளருக்குக் காட்டியாயிற்று, தெரிந்த பிறகும் இரண்டை மறுக்கச் சொன்னார், ஆகவே இவற்றை அவர் விசாரிக்கக் கூடாது. பிரதி மூன்று பெண்களின் தொழிற்சங்கப் பிரதிநிதிக்கு.

அவர் பாய்ந்து எழுந்தார். "அதை அனுப்பினா நீயும் இஞ்ச இல்லை!"

"ஓம்." பொத்தானை அழுத்தினாள். "உங்களையும் கூப்பிட்டு விசாரிப்பினம். முடிவு பிடிக்காட்டி உங்களுக்கும் ஏழு வேலை நாள் இருக்கு. பிந்தாமல் குடுங்கோ. இல்லாட்டி வாசலில ஆரும் சிரிப்பினம்."

தர்ஷினி கதவைத் திறந்தாள். வெளியே மெற்றில்டா அக்கா தொலைபேசியைக் காதில் வைத்தபடி, கண்ணை அகல விரித்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டிட்டியோடி?"

"கேட்டிட்டன் அக்கா."

தர்ஷினி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மெற்றில்டாவின் மேசையில் வைத்தாள். இரண்டு அச்சுத் தாள்களையும் மடித்துக் கைப்பைக்குள் வைத்து, சாரதிகள் நின்ற வாசல் வழியாகவே, ஆரையும் விலகச் சொல்லாமல், நேரே நடந்தாள். அவர்களே விலகினார்கள்.