இல்லாத மூன்று கட்டுரைகள்

போன வருஷம் கட்டுரையில் ஒரே ஒரு அடிக்குறிப்பு விட்டுப்போனதற்காக, தன் துறை விரிவுரையாளர் ஒருத்தியை எல்லார் முன்னாலும் திருடி என்றார் துறைத் தலைவர். அன்றிலிருந்து அவள் மனசுக்குள் கறுவிக்கொண்டே காத்திருந்தாள்.

இன்று புது மாணவர்களுக்கு ஏஐ கருவிகளை நேர்மையாகப் பயன்படுத்துவது பற்றி அவள் பேச வேண்டும். தலைவர் தானே மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியதாகச் சொல்லி ஒரு பக்கக் கையேடு தந்திருந்தார். அதன் அடியில் ஆதாரமாக ஐந்து கட்டுரைகள். ஐந்தையும் அவள் போன வாரமே தேடிப் பார்த்துவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

முன்வரிசையில் தலைவர் கால்மேல் கால் போட்டிருந்தார். கையேட்டை மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டு அவள் பேசத் தொடங்கினாள்.

"கருவியைத் தொடவே கூடாதுன்னு சொல்லல. எங்க, எதுக்குப் பயன்படுத்தினீங்கன்னு எழுதிடுங்க. அது சொல்றத அப்படியே நம்பாதீங்க. இல்லாத கட்டுரைக்கும் தலைப்பு வச்சு, எழுதினவர் பேரும் போட்டுக் கொடுத்துடும். இந்தக் கையேட்டுல இருக்கிற அஞ்சையும் நூலகத் தளத்துல தேடுங்க, பாப்போம்."

பத்து நிமிடம் கழித்து ஒரு மாணவி எழுந்தாள். "ரெண்டுதான் மேடம் இருக்கு. மத்த மூணும் எங்கயுமே இல்ல. அந்த இதழ்ல அந்தப் பக்கத்துல வேற கட்டுரை இருக்கு. இத யார் எழுதினது?"

தலைவரின் கால் கீழே இறங்கியது.

ஏஐ பயன்படுத்தியதை எழுதித் தர மாணவர்களுக்காக வைத்திருந்த உறுதிமொழிப் படிவங்களில் ஒன்றை உருவி அவர் மடியில் வைத்தாள் விரிவுரையாளர். பேனாவையும் திறந்து நீட்டினாள்.

"எந்தக் கருவின்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். பிள்ளைங்களுக்கு ஒரு மாதிரிப் படிவம் வேணும்."