வேந்தரின் பீப்பாய்

ஆர்.கே.பேட்டை ரோட்டில் மூன்று பேனர்களில் கோதண்டம் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டம், ‘வேளாண் வேந்தர்’. அன்று காலை அந்தக் கையில் கடப்பாரை இருந்தது. தங்கை தேவகி கோர்ட்டுக்குப் போய் வாங்கிய பாகத்தில் வேர்க்கடலை பூத்து நின்றதுதான் குற்றம்.

தேவகியின் புருஷன் முரளிதரன் வரப்பில் மறித்தான்.

“வேணாம் பாவா. இத்த விட்டா எங்களுக்கு வேற சோறு இல்ல.”

கடப்பாரை அவன் முழங்கையில் இறங்கியது. எலும்பு முறிந்தது தேவகிக்கும் கேட்டது. விழுந்தவனை வாயிலேயே உதைத்தார் வேந்தர்.

“நசுக்குங்கடா.”

டிராக்டர் மாலை போட்டுக்கொண்டு, அவரே தனக்கு எடுத்த பாராட்டு விழாவின் பந்தலில் நின்றது. அதனால் அவர் ஆள் பச்சையப்பன் காலித் தார் பீப்பாயை உருட்டிவந்து செடிமேல் ஏற்றினான்.

புருஷன் தலையை மடியில் வைத்துக் கதறிய தேவகி, உருண்ட இடத்தைப் பார்த்தாள். கடலைப் பூ மேலே வாடியதும் அதன் அடியிலிருந்து ஊசி மாதிரி விழுது கீழிறங்கும். மண்ணுக்குள் புகுந்தால்தான் அதன் நுனி காயாகும். எட்டாவிட்டால் காற்றிலேயே காய்ந்துவிடும். போன வாரம்தான் ஜிப்சம் போட்டு, கொத்தி, மண் அணைத்து, தண்ணீர் கட்டியிருந்தாள். புட்டு மாவு போலிருந்த மண்ணில், சாய்ந்த கிளைகளின் விழுதுகள் குத்தி நின்றன.

“மேக்கால மட்டும் விட்ருண்ணா,” என்று அழுதாள்.

வேந்தர் மேற்கையும் உருட்டச் சொன்னார்.

நாலு நாளில் செடிகள் நிமிர்ந்தன. உரக்கடைக்காரன் சிரித்தான்: “விழுது எறங்கற நேரத்துல காலி பீப்பா உருட்டுவாங்கதானே. தங்கச்சிக்கு நல்லது பண்ணிட்ட தலைவரே.”

வேந்தரின் கடலையும் அதே வயசு. ஆனால் முந்தைய விழாக்களில் கார்கள் எல்லாம் நின்று இறுகிய கொல்லை அது; மேலோட்டமாகத்தான் உழுதிருந்தது. ஜிப்சம்? “அது செவுத்துக்குப் பூசறதுடா” என்றிருந்தார் வேந்தர். காயைச் சுற்றிய மண்ணிலேயே ஜிப்சம் தரும் சுண்ணாம்புச் சத்து இல்லாவிட்டால் பருப்பு பிடிக்காது என்பது பேனரில் எழுதியிருக்கவில்லை.

தன் கடலைமேலும் உருட்ட, பீப்பாய் நிறையத் தண்ணீர் பிடிக்கச் சொன்னார்.

“காலியாத்தாங்க உருட்டணும். மண்ணு வேற தார் ரோடாட்டம் கீது.”

பச்சையப்பன் காதில் அறை விழுந்தது. உருட்டினான். கிளைகள் பிளந்தன; விழுதுகள் மண்ணில் முட்டித் தீக்குச்சியாக ஒடிந்தன. அவன் சிரித்துவிட்டான். கடப்பாரை அவன் தோளைக் கிழித்தது. பீப்பாயில் கட்டி இழுத்த கயிற்றை விட்டான். சரிவில் உருண்ட பீப்பாய் வேந்தரின் காலை நசுக்கிவிட்டுக் கிணற்று மேட்டில் நின்றது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் போலீஸ்காரரிடம், “தங்கச்சி பயிருக்கு ஒத்தாசைதான் பண்ணேன்” என்றார் கோதண்டம்.

“ஆங். அப்ப அவ புருஷன் கை?”



அவர் கொல்லையில் பிடுங்கியதெல்லாம் பருப்பில்லாத பொக்கு. தேவகி கொல்லையில் கொத்துக் கொத்தாக, பருப்பு முற்றிய காய். முரளிதரன் இடது கையால் பிடுங்கினான். வலது கை மடங்கியது மடங்கியபடியே இருந்தது.