காத்திருப்புக்குக் கால் கூலி

"காத்திருத்தல் ஒரு தவம்! தவத்துக்குக் கூலி கேட்கலாமா?" என்று முழங்கினார் எஸ்டேட் மேனேஜர். மெக்கானிக் சுவக்கீன் கேட்டது இதுதான்: அழைப்புக்காக ஞாயிறன்று வீட்டிலேயே கிடக்கும் மணி நேரத்துக்குக் கால் கூலி, அழைத்து வேலை வாங்கும் நேரத்துக்கு முழுக் கூலி.

"சும்மா உக்காந்திருக்கதுக்கு எதுக்குய்யா கூலி?"

"அப்பஞ் சரிங்கய்யா, இனி உக்காரல. வண்டிப்பெரியாருக்குப் போயி மகளப் பாத்துட்டு வாரேன்."

அந்த ஞாயிறு காலை மேனேஜர் பங்களாவின் குளியலறைத் தாழ்ப்பாள் இறுகி, அவர் உள்ளே மாட்டிக்கொண்டார். சமையல்காரர் என்ன முயன்றும் கதவு அசையவில்லை. சுவக்கீன் மாலைதான் வந்தார்.

"ஐயா, உள்ள தவம் எப்படி?"

"ரெண்டு கூலியும் தாரேன், தொறய்யா!"

மறுநாளே உத்தரவு வந்தது. அடுத்த ஞாயிறு சுவக்கீன் கால் கூலிக்குக் காத்திருந்தார். நடுவில் ஒரு மணி நேரம் முழுக் கூலிக்கு வேலை செய்தார். மேனேஜர் மறுபடியும் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டிருந்தார்.